தெர்மாமீட்டர் ஏறுது, காத்து குளிருது

அக்கா பொண்ணு மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம். போன வாரம் போன் பண்ணி, "மாமா, மெட்டீரியல் டெரிவேட்டிவ் கணக்குல எனக்கு மைனஸ் 9 வருது. ஆனா அந்த இடத்துல சூடு ஏறுதுன்னு கணக்குலயே இருக்கே, எங்க தப்பு?"ன்னு கேட்டா. தப்பே இல்லை. ரெண்டும் சரி, வேற வேற கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

மேலிருந்து வரும் சூடான காற்று ஒரு தட்டையான தகட்டில் மோதி, இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. தகடு இருப்பது y = 0-ல். நீளம் மீட்டரில், நேரம் நொடியில்.

```
u = 2x,  v = -2y
T = 60 + 3t - 2x² + y²
```

x = 1, y = 1 என்ற புள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு தெர்மாமீட்டரைக் கம்பியில் கட்டி நிறுத்தினால் அதற்கு x, y மாறாது. 3t மட்டும்தான் மாறும். ஆக நொடிக்கு 3 டிகிரி ஏறும்.

ஆனால் காற்று அங்கே நிற்கவில்லையே! அந்தப் புள்ளியில் வலப்பக்கம் நொடிக்கு 2 மீட்டர், கீழ்ப்பக்கம் 2 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் போகப்போக வெப்பநிலை மீட்டருக்கு 4 டிகிரி குறைகிறது (-4x). மேலே போனால் மீட்டருக்கு 2 டிகிரி கூடும் (2y). காற்று கீழே வருவதால் அதுவும் குறைவுதான்.

```
DT/Dt = 3 + (2)(-4) + (-2)(2) = -9
```

நம்பிக்கை வரலையா? அந்தக் காற்றுத் துணுக்கையே துரத்திப் பார்க்கலாம். t = 0-ல் அதன் வெப்பநிலை 59. அதன் பாதை x = e^(2t), y = e^(-2t). 0.01 நொடி கழித்துப் போட்டால் 58.909 வரும். அதாவது நொடிக்கு 9.08 என்ற வேகத்தில் இறக்கம். 0.1 நொடி எடுத்தால் 10.1 வரும். நேரத்தைச் சுருக்கச் சுருக்க 9-க்கு வந்து நிற்கும்.

பசங்க சறுக்குற இடம் ரெண்டு. x = 1, y = 1-ஐ முதலிலேயே T-ல் போட்டுவிட்டு அப்புறம் வகையிடுவது: எல்லாம் மாறிலியாகி, சரிவு பூஜ்யம் ஆயிடும். இன்னொன்று, மொத்த வேகத்தை மொத்தச் சரிவால் பெருக்குவது. அப்படிச் செய்தால் 12-க்குப் பதில் 12.65 வரும், திசையும் காணாமல் போயிருக்கும்.

ஒண்ணு மட்டும் சொல்லணும், இது கணக்குக்காகவே எழுதின புலம். நிஜக் காற்று நொடிக்கு 9 டிகிரி குளிர, கன மீட்டருக்குச் சுமார் 10 கிலோவாட் வெப்பம் வெளியேறணும். இந்த T-யை இரண்டு முறை வகையிட்டுக் கூட்டினால் -2 தான். அதைக் காற்றின் வெப்பக் கடத்துதிறனால் பெருக்கினால் 0.06 வாட் கூட தேறாது :-)