தவளையை அழித்துப் பார்த்தல்

பாடத்திட்டம் உணவு வலையை எந்த மாதத்தில் வைத்தாலும், கும்பப்பூ நட்டு முடிந்த பிறகுதான் நான் அதை எடுப்பேன். பாடநூலின் வெட்டுக்கிளி, பருந்து படத்தை மூடிவிட்டு, தேரூர்ப் பக்கத்து ஏலாவைக் கரும்பலகையில் வரைவேன். நெல்லிலிருந்து புகையானுக்கு ஒரு அம்பு, எலிக்கு ஒரு அம்பு. புகையானிலிருந்து சிலந்திக்கும் தவளைக்கும். சிலந்தியிலிருந்தும் தவளைக்கு ஒன்று. தவளையிலிருந்து மடையானுக்கும் சாரைக்கும். எலியிலிருந்து சாரைக்கும் கூகைக்கும்.

பிள்ளைகள் முதலில் சறுக்குவது அம்பின் திசையில்தான். 'பாம்பு தவளையைத் தின்னும்' என்று சொல்லிப் பழகிய வாய். கையும் பாம்பிலிருந்தே அம்பைத் தொடங்கும். ஆனால் அம்பு காட்டுவது சாப்பாடு போகும் வழியை. தவறு நேர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: நெல்லின் மேல் ஒரு அம்பு வந்து முட்டினால் படம் தலைகீழ்.

திசை சரியானதும் தவளையைத் துடைத்துவிடுவேன். "இனி என்ன ஆகும், மக்ளே?" பூச்சி பெருகும், பாம்பு குறையும் என்று வகுப்பே கத்தும். அது பாதி விடை. துடைத்த இடத்துக்குள் வந்த அம்புகளின் மறுமுனையில் இருப்பவை, தின்பவன் ஒழிந்ததால் கூடும். அங்கே கூட்டல் குறி. வெளியே போன அம்புகளின் முனையில் இருப்பவற்றுக்கு உணவு போயிற்று, கழித்தல் குறி. அதோடு நிற்காமல் ஒவ்வொரு வழியிலும் அடுத்த உயிர்வரை நடக்க வேண்டும்.

நடந்து பாருங்கள். தவளை தின்னாததால் புகையானுக்கு ஒரு கூட்டல். தவளை போனதால் சிலந்தியும் கூடும். சிலந்தி கூடினால் புகையானுக்கு ஒரு கழித்தல். ஒரே பூச்சியின் தலையில் இரண்டு குறி! வகுப்பு அடங்கிப்போகும் இடம் இது. எது வெல்லும் என்று படம் சொல்லாது, எல்லா அம்பையும் ஒரே தடிமனில் வரைந்திருக்கிறோமே. நெல்லின் மூட்டில் புகையானோடு ஒரே இடத்தில் குடியிருக்கும் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிவரை தின்னும் என்பார்கள். வரப்போரத்துத் தவளைக்குக் கிடைப்பதெல்லாம் இரை. புகையான் அதில் எத்தனை என்பதை அம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எலியிலும் இதே சிக்கல், வேறு வடிவத்தில். ஒரு வருடம் ஒரு பிள்ளை, "தவளை கிடைக்கல்லைன்னா சாரை எலியத்தானே சார் பிடிக்கும், அப்போ எலி குறையும்லா?" என்றாள். அடுத்த பெஞ்சுப் பையன், "சாரையே குறைஞ்சுபோகும், எலி கூடும்" என்றான். இரண்டும் சரி. முதல் சில வாரங்களில் சாரையின் எண்ணிக்கை மாறாது, இரைதான் மாறும். அப்போது எலி குறையும். உணவு போதாமல் சாரையின் குட்டிகள் குறைந்தால், பின்வரும் வருடங்களில் எலி கூடலாம். அவள் சொன்னது போன்ற விடைக்கு, விடைக்குறிப்பை மட்டும் பார்த்துக் குறுக்குக்கோடு போட்டவன்தான் நானும். இப்போது, 'எப்போது' என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண்.

தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் நிறுத்தியபோது, தவளை போனால் பூச்சி பெருகும் என்பதும் ஒரு வாதம். தடை சரியானது என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த வாதம் படத்தின் ஒரு வழியை மட்டுமே நடந்து பார்த்தது.

சிலந்தியைத் துடைத்தால் விடை இவ்வளவு குழப்பமாக இருக்காது. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். மருந்து அடித்தால் சிலந்தி சாகும், உறைக்குள் இருக்கும் முட்டை தப்பும். குஞ்சு வெளிவரும்போது தின்ன ஆளில்லை. வயலில் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததற்குக் காரணம் இதுதான்.

அம்புக்குத் தடிமன் கொடுக்க வேண்டுமென்றால் வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு நெற்குத்தைச் சாய்த்துத் தட்டினால் புகையானும் சிலந்தியும் தண்ணீரில் விழும், எண்ணிவிடலாம். மருந்தடிக்கலாமா என்பதற்கு வேளாண்மைத் துறையினர் சொல்லும் கணக்கும் இதே வலையிலிருந்து வந்ததுதான்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்தாலே எல்லை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம்.