மாசச் சந்தா காபிக்கொட்டை: லாபமா, லொள்ளா?

வீட்டுக்கே காபிக்கொட்டை வருது மக்களே! பேப்பர் போடுற மாதிரி, பால் பாக்கெட் போடுற மாதிரி, 15 நாளைக்கு ஒருமுறை கூரியர்காரர் வந்து 250 கிராம் பாக்கெட்டைக் கொடுத்துட்டுப் போறார். முதல்முறை கொட்டையை அரைச்சு ஃப்ரெஞ்ச் பிரஸ்லயோ, பேப்பர் ஃபில்டர்லயோ காபி போட்டுப் பார்த்த எவருக்கும் அடுத்து வர்ற ஆசை இதுதான். “சந்தா கட்டிட்டா 10 சதவிகிதம் தள்ளுபடி, டெலிவரி ஃப்ரீ”னு ஆன்லைன் கடை கண்ணடிக்கும். கட்டலாமா, வேணாமா?

எங்க ரூம்ல ஒரே அடுப்பு, ஒரே கிரைண்டர், ரெண்டு காபி பைத்தியம். நான் தேவைப்படும்போது பாக்கெட் வாங்குற கட்சி. என் ரூம்மேட் சந்தாக் கட்சி. 12 வாரம் ரெண்டு பேரும் கணக்கு எழுதினோம். (ஆமா பாஸ், அக்கவுன்ட்ஸ் பேப்பருக்குக்கூட இவ்ளோ சின்சியரா எழுதினதில்ல!) அதுல தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல துட்டு!

ஒரு கப்புக்கு 15 கிராம் கொட்டை, 250 மில்லி தண்ணி. இது எங்க அளவு. அப்படின்னா 250 கிராம் பாக்கெட்ல 16 கப் வரும். நாங்க வாங்கின கொட்டை பாக்கெட் 500 ரூபாய். தனியா வாங்கினா டெலிவரிக்கு 60 சேர்ந்து 560. ஒரு கப் 35 ரூபாய். சந்தாவுல அதே பாக்கெட் 450 ரூபாய், டெலிவரி கிடையாது. ஒரு கப் 28 ரூபாய் சொச்சம். கப்புக்கு 7 ரூபாய் மிச்சம். “பார்த்தியாடா!”ன்னு ரூம்மேட் காலரைத் தூக்கிவிட்டான்.

காலரை இறக்கினது நோட்டுப் புத்தகம்தான். அவன் வாரத்துல 5 நாள்தான் ரூம்ல காபி குடிப்பான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆச்சுன்னா பஸ் ஏறி ஊருக்கு... அங்கே அம்மா கையால ஃபில்டர் காபி. ஆக, வாரத்துக்கு 5 கப், 75 கிராம். ஆனா சந்தா 2 வாரத்துக்கு 250 கிராம் அனுப்புது. குடிக்கிறது 150, வர்றது 250. ஒவ்வொரு தடவையும் 100 கிராம் தேங்குது.

12 வாரத்துல அவனுக்கு வந்தது 6 பாக்கெட், ஒன்றரை கிலோ. குடிச்சது 60 கப், 900 கிராம். மீதி 600 கிராம் அலமாரியில! கட்டின காசு 2,700 ரூபாய். குடிச்ச கப்பால வகுத்தா ஒரு கப் 45 ரூபாய். அதே 60 கப்புக்குத் தேவைப்படுறப்போ மட்டும் வாங்கியிருந்தா 4 பாக்கெட், 2,240 ரூபாயோட முடிஞ்சிருக்கும். தள்ளுபடி வாங்கி 460 ரூபாய் கூடுதலா கொடுத்திருக்கான் பையன்.

“மிச்சக் கொட்டையை அப்புறம் குடிச்சுக்கலாமே?”ன்னு நீங்க கேட்பீங்க. குடிக்கலாம். ஆனா எதுக்காகச் சந்தா கட்டினோமோ, அந்த விஷயம் அதுக்குள்ள பறந்துபோயிருக்கும். அதுதான் அடுத்த மேட்டர்.

ஃப்ரெஷ்ஷுன்னா என்ன பாஸ்?

கொட்டையை வறுக்கும்போது அதுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு உருவாகி மாட்டிக்கும். வறுத்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். பாக்கெட்ல பொட்டு மாதிரி ஒரு சின்ன வால்வு இருக்குமே, உள்ளே இருக்கிற வாயு வெளியே போகவும் வெளிக்காத்து உள்ளே வராம இருக்கவும்தான் அது. வறுத்த மறுநாளே காபி போட்டா அந்த வாயு தண்ணியைத் தள்ளிவிடும். சாறு சீரா இறங்காது. அதனால ஒரு வாரம் போல விட்டுட்டு ஆரம்பிக்கிறது நல்லது. ரொம்பக் கருக வறுத்ததுன்னா இன்னும் சீக்கிரமே தயாராகிடும். அப்புறம் ஒரு மாசம், ஒன்றரை மாசம் வரைக்கும் நல்ல காலம். அதுக்கு மேல வாசனை போய், கொட்டையில இருக்கிற எண்ணெய் காத்து பட்டுக் கெட ஆரம்பிக்கும்.

இப்போ ரூம்மேட் கணக்குக்கு வாங்க. 12-வது வாரம் அவன் குடிச்சிட்டிருந்தது நாலாவது பாக்கெட். அது வீட்டுக்கு வந்தே 6 வாரம் ஆச்சு. அஞ்சாவதும் ஆறாவதும் பிரிக்காம அப்படியே க்யூல நிக்குது. வாசல்ல வர்றது ஃப்ரெஷ், வாய்க்குப் போறது பழசு! ரேஷன் அரிசி தோத்துடும்.

பழசாயிடுச்சான்னு கண்டுபிடிக்க லேப் வேணாம். அரைச்ச தூள் மேல அது நனையுற அளவுக்குக் கொஞ்சம் வெந்நீர் ஊத்தி அரை நிமிஷம் பாருங்க. நல்ல கொட்டைன்னா உப்பி, குமிழ் குமிழா வரும். பழசுன்னா ஈரமண் மாதிரி அமுங்கிக் கிடக்கும். பாக்கெட்டை மோந்து பார்த்தா பழைய கடலை எண்ணெய் மாதிரி சிக்கு வாடை வந்தா, கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். கொட்டை மேல எண்ணெய் பளபளக்கிறதை ஃப்ரெஷ்ஷுக்கு அடையாளம்னு நினைக்காதீங்க. கருக வறுத்தா எப்பவுமே அப்படித்தான் மின்னும்.

சந்தாவோட உண்மையான பெருமை ஒண்ணு இருக்கு. நிறைய இடங்கள்ல ஆர்டரைப் பார்த்துட்டுதான் வறுக்கிறாங்க. பாக்கெட்ல வறுத்த தேதி போட்டிருக்கும். சூப்பர் மார்க்கெட் அலமாரியில பாக்கிங் தேதி மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும், எப்போ வறுத்தாங்கன்னு தெரியாது. ஆனா ஒண்ணு... இந்தப் பெருமை கிரைண்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான். அரைச்ச தூளா வரவழைச்சீங்கன்னா, பிரிச்ச சில நாள்லயே வாசனை இறங்கிடும். பாக்கெட்டைத் தீர்க்க உங்களுக்கு 3 வாரம் ஆகும்னா, அதுல ரெண்டு வாரம் பழசைத்தான் குடிப்பீங்க.

கிரைண்டர் இல்லாதவங்களுக்கு நம்ம ஊர்ல சந்தாவைவிட நல்ல வழி இருக்கு. தெருமுனை காபிப்பொடிக் கடை! மிஷின் ஓடுற சத்தமும் வாசனையும் நாலு வீடு தள்ளியே வருமே, அதே கடைதான். பீபெரியோ, பிளான்டேஷன் ஏ-வோ கேட்டு, “சிக்கரி வேணாம்ணே, 100 கிராம்”னு சொன்னா கண்ணு முன்னாடியே அரைச்சுக் கொடுப்பார். ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸுக்குன்னா கொஞ்சம் கொரகொரப்பா கேளுங்க. வாராவாரம் 100 கிராம் வாங்கினா டெலிவரியும் இல்ல, தேக்கமும் இல்ல, விலையும் குறைவு. ஒரு குறை... அங்கே பெரும்பாலும் பாலுக்கு ஏத்த மாதிரி கருக வறுப்பாங்க. எந்த எஸ்டேட் கொட்டைன்னும் தெரியாது. ஏற்காடு கொட்டைக்கும் சிக்மகளூர் கொட்டைக்கும் பாலில்லாம ருசி பிரிச்சுப் பார்க்கணும்னா அது ஆகாது.

நிறுத்த முடியுமா? தள்ளிவைக்க முடியுமா?

காலேஜ் வாழ்க்கைன்னா ஸ்டடி லீவ், செமஸ்டர் லீவ், திடீர் ஸ்ட்ரைக்... இப்படி எதுவும் நிச்சயம் இல்ல. சந்தாவோ கடிகாரம் மாதிரி ஓடும். அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தைப் பார்த்துடுங்க.

ஒண்ணு, எத்தனை வாரத்துக்கு ஒருமுறைங்கிறதை நாமே மாத்த முடியுமா? என் ரூம்மேட் 2 வாரத்தை 3 வாரமா மாத்தினான். இப்போ குடிக்கிறது 225 கிராம், வர்றது 250. தேங்குறது வெறும் 25. அதையும் எப்பவாவது ஒரு பாக்கெட்டைத் தள்ளிவெச்சுச் சரிபண்ணிடலாம். 4 வாரம்னு வெச்சா 50 கிராம் குறையும். அந்த மூணு கப்புக்குத் தெருமுனை அண்ணன் இருக்கவே இருக்கார்!

ரெண்டு, தள்ளிவைக்கக் கடைசி நாள் எது? யூபிஐ-யிலோ கார்டிலோ தானாப் பணம் எடுக்கிற ஏற்பாடுன்னா, எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் பார்த்ததும் நிறுத்திக்கலாம்னு நினைக்காதீங்க. சில இடங்கள்ல அதுக்கு முன்னாடியே ஆர்டர் வறுக்கப் போயிருக்கும். சந்தாவை முடிச்சுக்கிட்டாலும், யூபிஐ ஆப்ல அந்த ஆட்டோபே அனுமதி ரத்தாகியிருக்கான்னு ஒருமுறை பார்த்துடுங்க.

மூணு, 6 மாசத்துக்கு மொத்தமா முன்பணமா, இல்ல ஒவ்வொரு தடவையும் கட்டறதா? முன்பணத்துக்குத் தள்ளுபடி அதிகம். ஆனா நடுவுல வேணாம்னா திருப்பித் தருவாங்களான்னு எழுத்துல இருக்கணும். புதுசா காபி போடறவங்க தடவைக்குத் தடவை கட்டறதுதான் சேஃப்.

இன்னொரு ஆசை வார்த்தையும் உண்டு. “ஒவ்வொரு தடவையும் புதுப்புது கொட்டை, சர்ப்ரைஸ்!” கேட்க ஜோராத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு கொட்டைக்கும் அரைக்கிற பதம் கொஞ்சம் மாறும். புளிச்சா இன்னும் நைஸா அரைக்கணும், கசந்தா கொரகொரப்பா அரைக்கணும். 16 கப்ல நாலஞ்சு கப் இந்தப் பதம் பார்க்கவே போயிடும். பதம் பிடிபடும்போது பாக்கெட் காலி, அடுத்தது வேற கொட்டை! காபி புளிக்கிறது கைப்பக்குவத்தாலயா, கொட்டையாலயான்னே தெரியாது. முதல் ரெண்டு மாசம் ஒரே கொட்டையை வாங்குங்க. கை படிஞ்ச பிறகு சர்ப்ரைஸுக்குப் போகலாம்.

ஏற்கெனவே தேங்கிடுச்சுன்னா? பிரிக்காத பாக்கெட்டைக் காத்துப் புகாத டப்பாவுலயோ ஜிப் கவர்லயோ போட்டு ஃப்ரீஸர்ல வைங்க. ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வேணாம். ஈரமும் சாம்பார் வாசனையும் ஏறும். எடுத்ததும் உடனே பிரிக்காதீங்க. ரூம் சூட்டுக்கு வந்த பிறகு பிரிச்சாத்தான் கொட்டை மேல நீர் கோக்காது.

ஆகவே மக்களே...

ஒரு மாசம் தனித்தனியா வாங்கி, தினம் எத்தனை கிராம்னு எழுதுங்க. 250-ஐ உங்க வாரக் கணக்கால வகுங்க. வர்ற விடை 2-ஓ, 3-ஓ, 4-ஓ, அத்தனை வாரத்துக்கு ஒருமுறை அனுப்புற, நினைச்சப்போ தள்ளிவைக்க விடுற சந்தா கிடைச்சா, கிரைண்டரும் இருந்தா, தாராளமா கட்டுங்க. ரூம்ல ரெண்டு பேர் தினம் குடிக்கிறீங்கன்னா 2 வாரச் சந்தாவே பத்தாது. அங்கே நிஜமாவே லாபம்.

விடை 5-ஐத் தாண்டினா சந்தா உங்களுக்கு இல்ல. பாக்கெட் தீரத் தீர வாங்குங்க. நான் இன்னும் அந்தக் கட்சிதான். கப்புக்கு 7 ரூபாய் கூடத்தான் கொடுக்கறேன்... ஆனா அலமாரி காலி, கப்பு ஃப்ரெஷ்!