கல்லாவில் கற்ற கணக்கு

நான் எட்டாம் வகுப்புப் படித்த காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் என் தந்தையாரின் மளிகைக் கடையில் கல்லாப்பெட்டியருகே நிற்பேன். அன்று கூலி நாள், கூட்டம் நெரியும். தந்தையார் பொருள்களை நிறுத்துக் கட்டுவார். பணம் வாங்கி மீதி கொடுப்பது என் வேலை. வகுப்பில் கணக்குப் பாடத்தில் முதல் மதிப்பெண் பெறுபவன் என்ற செருக்கு எனக்கு உண்டு. தந்தையாரோ ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மீதி கொடுக்கும்போது அவர் கழித்துப் பார்ப்பதே இல்லை. ஏதோ முணுமுணுத்தபடி காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அவருக்குக் கழித்தல் வராது என்றே நான் எண்ணியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, வயல் வேலை முடித்து வந்த அம்மையார் ஒருவர் பருப்பும் எண்ணெயும் வாங்கினார். விலை 13 ரூபாய் 65 பைசா. 20 ரூபாய்த் தாளை நீட்டினார். நான் மனத்துக்குள் விரைந்து கழித்தேன்: இருபதில் பதின்மூன்று போக ஏழு, நூறு பைசாவில் அறுபத்தைந்து போக முப்பத்தைந்து. 7 ரூபாய் 35 பைசாவை அள்ளி அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினேன்.

அவர் நகரவில்லை. விலையைச் சொல்லிக்கொண்டு, காசுகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றத் தொடங்கினார். பத்துப் பைசா விழுந்ததும் “எழுபத்தஞ்சு” என்றார். நாலணாக் காசு விழுந்ததும் “பதினாலு.” இரண்டு ஒரு ரூபாய்களுக்கும் “பதினஞ்சு, பதினாறு.” ஐந்து ரூபாய்த் தாளை வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, இருபத்தொண்ணு வருது. நான் குடுத்தது இருபதுதானே?”

ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். நூறு பைசாவிலிருந்து கழிப்பதற்காக நான் உடைத்த ரூபாயை, ரூபாய்க் கணக்கில் குறைக்க மறந்திருந்தேன். ஏழு அன்று, ஆறுதான் மிச்சம். தாளில் எழுதிக் கழித்திருந்தால் கடன் வாங்கிய இடம் கண்ணில் பட்டிருக்கும். மனக்கணக்கில் அது நழுவிவிட்டது.

இரவு கடை அடைத்த பின், தந்தையார் அதே கணக்கைப் பலகையின்மேல் காசுகளை வைத்துச் செய்து காட்டினார். விலையில் தொடங்க வேண்டும். முதலில் சிறு காசுகளால் முழு ரூபாயை எட்ட வேண்டும்: 13.65 உடன் பத்துப் பைசா சேர்ந்தால் 13.75, கால் ரூபாய் சேர்ந்தால் 14. அடுத்து ஒரு ரூபாயால் 15. ஐந்து ரூபாயால் 20. வாடிக்கையாளர் கொடுத்த தொகையை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். பலகையில் கிடந்தது 6 ரூபாய் 35 பைசா. இதில் கடன் வாங்குதலே இல்லை, கூட்டல் மட்டுமே. இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தொலைவைக் காசுகளே அளந்துவிடுகின்றன. பெட்டியில் பத்துப் பைசா இல்லையென்றால் ஐந்து பைசா இரண்டை வைத்து நடக்கலாம். வழி மாறினாலும் சேரும் இடம் மாறாது.

“வாங்குறவங்க காதுல விழற மாதிரி எண்ணு. அவங்களும் கூடவே எண்ணுவாங்க,” என்றார்.

இந்த முறையிலும் தவறு நேரும். தொடங்கும் எண்ணையோ முடியும் எண்ணையோ மறந்தால் எல்லாம் பிழையாகும். அதனால்தான் வாங்கிய தாளைத் தந்தையார் உடனே பெட்டிக்குள் போடமாட்டார். மீதியை எண்ணி முடிக்கும்வரை அது பெட்டியின் மூடிமேல் எடைக்கல்லின் அடியில் கிடக்கும். தந்தது ஐம்பதா நூறா என்ற வழக்கு எழுந்தால் தாளே சாட்சி சொல்லும்.

பாதி எண்ணும்போது, “மூணு ரூபா அறுபத்தஞ்சு பைசா சில்லறை இருக்கு, இந்தாங்க” என்று சிலர் நீட்டுவார்கள். அங்கேதான் நான் பலமுறை தடுமாறினேன். வைத்த காசுகளை எல்லாம் திரும்ப எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி. இப்போது முடியும் எண் 23.65. 13.65இலிருந்து அதை எட்ட ஒரே ஒரு பத்து ரூபாய்த் தாள் போதும்.

தந்தையாரின் முறைக்கு ஒரு குறையும் உண்டு. “மீதி எவ்வளவு?” என்று யாரேனும் கேட்டால் அவரால் உடனே சொல்ல இயலாது, எண்ணி வைத்த காசுகளை மீண்டும் கூட்டித்தான் சொல்வார். நான் அதை அறியாமை என்று நினைத்திருந்தேன். அந்தத் தொகை அவருக்குத் தேவைப்படவே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மையார் மீண்டும் வந்தார். அன்றும் 20 ரூபாய்த் தாள்தான். நான் அதை எடைக்கல்லின் அடியில் வைத்துவிட்டு, விலையை உரக்கச் சொல்லி, முதல் காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவருடைய உதடுகளும் என்னோடு சேர்ந்து அசைந்தன. இருபது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.