மீன் செத்த தண்ணியில கொசுப்புழு எப்படி?

போன வாரம் பக்கத்து நெலத்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "ஏண்ணே, கால்வாய்ல தோல் ஊறவெச்ச தண்ணி கலந்தா கெண்டைக் குஞ்சு கூட மல்லாந்துடுது. அதே தண்ணியில கொசுப்புழு மட்டும் கொழகொழன்னு நெளியுதே, அதுக்கு மூச்சு முட்டாதா?"

நல்ல கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றங்கரையில இருக்கிற எல்லாருமே இதைப் பார்த்திருப்போம். பார்த்தும் யோசிச்சிருக்க மாட்டோம்.

முதல்ல மீன் ஏன் சாகுதுன்னு பார்த்துடலாம். நம்ம ஊர் வெயில்ல, சுத்தமான தண்ணி ஒரு லிட்டர்ல ஏழெட்டு மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைஞ்சிருக்கும். தோல் ஊறவைத்துச் சுண்ணாம்பில் போட்ட தண்ணியில் முடி, கொழுப்பு, சதைத் துணுக்கு எல்லாம் கரைஞ்சு வரும். இதைத் தின்ன பாக்டீரியா பெருகும். அவை அந்த ஏழெட்டு மில்லிகிராமையும் உறிஞ்சித் தீர்த்துடும். மீன் தன் செவுள் வழியா தண்ணியில் கரைஞ்ச ஆக்சிஜனை எடுத்து ரத்தத்தில் ஏத்தித்தான் உடம்பு முழுக்க அனுப்பணும். கரைஞ்சது தீர்ந்தா மீன் தீர்ந்தது. உப்பும் மத்த கழிவும் செய்யிற கேடு தனி.

கொசுப்புழுவுக்கு அந்தத் தண்ணியோட பெரிசா சம்பந்தமே இல்லை. அது மேல இருக்கிற காத்தை இழுக்குது. ஒரு லிட்டர் காத்துல ஆக்சிஜன் ஏறக்குறைய 270 மில்லிகிராம், அதாவது நல்ல தண்ணியில இருக்கிறதைப் போல முப்பது மடங்குக்கு மேல.

எப்படி இழுக்குதுன்னு தெரிஞ்சுக்க எருக்குழிக்கு வாங்க. எருவைக் கிளறினா தென்னை காண்டாமிருக வண்டோட வெள்ளைப் புழு கிடைக்கும், கட்டைவிரல் மொத்தத்துல, அரைவட்டமா சுருண்டு. கையில எடுத்து விலாப்பக்கம் பாருங்க. வரிசையா பழுப்புப் பொட்டு தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது, ரெண்டு பக்கமும் சேர்த்து பதினெட்டு. அழுக்கு இல்லை அது. அதுதான் மூச்சுத் துளை. மூக்கு, வாய் வழியா அந்தப் புழு மூச்சு விடுறதே கிடையாது. நுரையீரலும் இல்லை.

ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் உள்ளே போகுது. ரெண்டாப் பிரியுது, அது நாலாப் பிரியுது, கடைசியில் முடியைவிட ரொம்ப மெல்லிசா ஆகித் தசைக்குள்ள, குடல் சுவர்மேல, நரம்புமேல போய் முட்டுது. காத்து நேரா வேலை நடக்கிற இடத்துக்கே போய்ச் சேருது. சொட்டு நீர் போட்ட தோட்டம் மாதிரின்னு வெச்சுக்கலாம். மெயின் பைப், கிளைப் பைப், கடைசியில ஒவ்வொரு செடி வேர்லயும் ஒரு சொட்டான். நம்ம உடம்போ வாய்க்கால் பாசனம், ரத்தம்தான் எல்லாத்தையும் சுமந்து ஓடணும்.

பூச்சிக்கும் ரத்தம் உண்டு. பூச்சியை நசுக்கினா மஞ்சளாவோ பச்சையாவோ வர்ற தண்ணிதான் அது. சத்தைச் சுமக்கும், கழிவைச் சுமக்கும். ஆக்சிஜன் சுமக்கிற வேலை அதுக்கு இல்லை, அதனால செவப்பும் இல்லை.

அந்தக் குழாய் நசுங்காம இருக்க உள்சுவர்ல சுருள் சுருளா தடிப்பு ஓடும். மோட்டார் உறிஞ்சுற பக்கம் கம்பி சுத்தின ஹோஸ் போடுறோமே, அதே வேலை. இதைக் கண்ணால பார்க்கணுமா? கரப்பான் உரிச்சுப் போட்ட தோலை எடுத்து உள்பக்கம் பாருங்க. வெள்ளை நூல் நூலாத் தொங்கும். தோல் உரியும்போது பெரிய மூச்சுக்குழாய்களோட உள்சுவரும் சேர்ந்தே உரிஞ்சு துளை வழியா வெளியே வந்துடும்.

சின்னப் பூச்சிக்கு காத்தை உந்தக்கூட வேண்டியதில்லை. தண்ணிக்குள்ள பரவுறதைவிட காத்துக்குள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வேகமாப் பரவும், அதனால தானாப் போய்ச் சேரும். பறந்து களைச்சு உட்கார்ந்த தேனீயோட, வெட்டுக்கிளியோட வயிறு மட்டும் துடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அது துருத்தி. தேவை அதிகமானா அப்படி அமுக்கி அமுக்கிக் காத்தை மாத்துது. சும்மா இருக்கிறப்போ பல பூச்சிங்க துளையை மூடியே வெச்சுக்கும். திறந்தே இருந்தா உடம்பு ஈரம் ஆவியாப் போயிடுமே!

இப்போ கால்வாய்க்குத் திரும்பலாம். சாக்கடைத் தண்ணியில முட்டையிடுற கியூலெக்ஸ் கொசுவோட புழு, இந்தத் துளைகளை வால்நுனிக்குக் கொண்டுபோயிடுச்சு. வாலில் ஒரு குழல், அதன் முனையில மூச்சுத் துளை. தலைகீழாத் தொங்கிக்கிட்டு குழல் முனையை மட்டும் தண்ணி மட்டத்துல நீட்டும். முனையைச் சுத்தி இருக்கிற சின்ன மடல்களில் தண்ணி ஒட்டாது, அது பூ மாதிரி விரிஞ்சு மேல்மட்டத்தைப் பிடிச்சுக்கும். தட்டினா எல்லாம் கீழ இறங்கும், கொஞ்ச நேரத்துல மூச்சுக்கு மேல வரும். தோல் வழியாவும் கொஞ்சம் ஆக்சிஜன் இழுக்கும்தான், ஆனா கெட்ட தண்ணியில அது கணக்குக்கு வராது. ஆக, மீனைக் கொன்ன தண்ணி, புழுவைத் தின்ன ஆள் இல்லாத தண்ணியா மாறிப்போச்சு.

பெரியவங்க தேங்கின தண்ணியில மண்ணெண்ணெய் ஊத்தினது இதுக்குத்தான். எண்ணெய் விஷமாவும் வேலை செய்யும், அடைப்பாவும் வேலை செய்யும். தண்ணி ஒட்டாத முனையில எண்ணெய் ஒட்டும், குழலுக்குள்ள ஏறும். ஒரு கண்ணாடி டம்ளர்ல பத்துப் புழுவை விட்டு ரெண்டு மூணு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க. மேல வந்து வாலை நீட்டும், இறங்கும், உடனே திரும்ப வரும். அப்புறம் வளைஞ்சு தன் வாலைத் தானே கடிச்சுச் சுத்தம் பண்ணப் பார்க்கும். அப்போ எண்ணெய் ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

கூட்டுப்புழுவுக்கு வால்ல குழல் கிடையாது, முதுகுல ரெண்டு சின்னக் கொம்பு வழியா மூச்சு. அது எதையும் தின்னாது, அதனால தின்னாதான் வேலை செய்யிற பாக்டீரியா மருந்து அதை ஒண்ணும் பண்ணாது. எண்ணெய் பண்ணும்.

ஆனா எண்ணெய்ப் படலம் முழுசா மூடணும். காத்து அடிச்சு ஒரு மூலைக்கு ஒதுக்கினாலோ, நடுவுல புல் முளைச்சிருந்தாலோ இடைவெளியில புழு தப்பிக்கும். மழை பெஞ்சா மறுபடி விடணும். குடிக்கிற கிணறு, மாடு குடிக்கிற தொட்டி, மீன் இருக்கிற குட்டையில விடவே கூடாது.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறப்போ, லிட்டருக்கு 30 மில்லி விட்டு கூட சோப்புக் கரைசல் கலக்கச் சொல்றதுலயும் இதே சங்கதி இருக்கு. அதன் மெழுகுமேல வெறுந்தண்ணி முத்தா உருண்டு ஓடிடும், சோப்பு கலந்தா பரவி ஒட்டும், துளையையும் அடைக்கும். சோப்பு மெழுகையும் கரைக்கும், அதுவும் பூச்சிக்குக் கேடுதான். இலைக்கு அடியில படலைன்னா அடிச்சும் பிரயோஜனமில்லை. உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும், சாயங்காலம் அடிங்க.

பக்கத்து நெலத்துக்காரர் விடலை. "அப்போ சேத்துக்குள்ள ரத்தச் செவப்பா ஒரு புழு இருக்கே, அது மேலயே வர்றதில்லையேண்ணே?" அதுதான் விதிவிலக்கு. கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத ஒரு ஈயோட புழு அது. அதோட ரத்தத்துல நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரியே ஹீமோகுளோபின் இருக்கு. சேத்துல கிடைக்கிற துளி ஆக்சிஜனையும் பிடிச்சு வெச்சுக்கும். கால்வாய்ச் சேத்தை மண்வெட்டியால ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க. அந்தச் செவப்புப் புழு மட்டும் கொத்துக் கொத்தா இருந்து வேற எதுவும் இல்லைன்னா, அந்த இடத்துல மேல இருந்து ஆக்சிஜன் கீழ இறங்கி நாளாச்சு.