மாஸ்க் ஓரத்து நிழல் என்ன சொல்லுது?

மாஸ்க் இல்லாத ஒரு போட்டோவுக்கு மாஸ்க் போட்டுவிடுறது ரெண்டு நிமிஷ வேலைன்னு நினைப்பீங்க. நெட்ல ஒரு மாஸ்க் படம் எடுத்து, பின்னணியை அழிச்சு, மூக்கு மேல வெச்சு, கொஞ்சம் சாய்ச்சா முடிஞ்சது. ஆனா அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும், அது ஒட்டினதுன்னு அரை செகண்ட்ல தெரிஞ்சிடும். ஏன் தெரியுதுன்னு கேட்டா சொல்ல வராது. அந்த "ஏன்"தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இந்த வேலை வந்தது 2020 லாக்டவுன்ல. அத்தை வீட்டிலேயே தையல் மெஷின் வெச்சிருக்காங்க. பிளவுஸ் ஆர்டர் எல்லாம் நின்னுபோச்சு, காட்டன் துணியில மாஸ்க் தைக்க ஆரம்பிச்சாங்க. வாட்ஸ்அப்ல படம் போட்டாத்தான் ஆர்டர் வரும். துணியை மேஜை மேல விரிச்சு எடுத்த படத்துக்கு யாரும் பதிலே போடல, முகத்துல எப்படி இருக்கும்னு கேட்டாங்க. ஆனா விக்கப்போற மாஸ்க்கை ஒருத்தர் முகத்துல மாட்டிப் போட்டோ எடுத்துட்டு, அதையே எப்படி விக்கிறது? அந்த நேரத்துல யார் வாங்குவாங்க? "அக்காவோட போட்டோ இருக்கில்ல, அதுல போட்டுக் குடுடா"ன்னாங்க. எட்டு டிசைன், ஒரே முகம். அக்காவும் சரின்னு சொல்லிட்டா.

கையில இருந்தது கிம்ப் மட்டும்தான். இலவசம், என் பழைய லேப்டாப்லயும் ஓடும். அக்காவோட படம் நேரா பார்க்கிற முகம். படத்தோட இடது பக்கம் ஒரு ஜன்னல், வெளிச்சம் முழுக்க அங்கிருந்து. ஒரு காது தெரியுது, அதுல ஜிமிக்கி. இன்னொரு காதை முடி மூடியிருக்கு.

முதல்ல அளவு. இதைக் கண்ணால குத்துமதிப்பா பண்ண வேண்டாம். அக்கா கண்ணாடி போடுறவ. கண்ணாடிச் சீட்டுல ரெண்டு கருவிழிக்கும் நடுவுல 62 மில்லிமீட்டர்னு எழுதியிருந்தது. படத்துல அதே தூரம் 434 பிக்சல். அப்போ ஒரு மில்லிமீட்டருக்கு 7 பிக்சல். இந்த ஒரு எண் கிடைச்சா எல்லாமே கிடைச்ச மாதிரி. எலாஸ்டிக் 5 மில்லிமீட்டர் அகலம், அதாவது 35 பிக்சல். முகம் ஒரு பக்கம் நல்லா திரும்பியிருந்தா இந்தக் கணக்கு அப்படியே உதவாது, கண்ணுக்கு நடுவுல உள்ள தூரம் சுருங்கித் தெரியும்.

அடுத்து மடிப்பு. அத்தை தைக்கிறது மூணு பிளீட் வெச்ச மாஸ்க். வெளிப்பக்கம் பிளீட்டோட வாய் கீழ பார்த்து இருக்கும். மாட்டும்போது நடுவுல பிளீட் விரிஞ்சிடும், ரெண்டு ஓரத்துலயும் தையல் இருக்கிறதால விரியாது. அதனால மூணு கோடும் ஓரத்துல நெருக்கமா ஆரம்பிச்சு, மூக்குக்கு நேரா வரும்போது ஒண்ணை விட்டு ஒண்ணு விலகும். நிழலும் அதே மாதிரி ஓரத்துல அழுத்தமா, நடுவுல லேசா இருக்கும். மேஜை மேல விரிச்ச மாஸ்க்ல இது மூணும் இணைகோடு. அதை எடுத்து முகத்துல ஒட்டினா, எவ்வளவு வளைச்சாலும் அட்டை மாதிரிதான் இருக்கும்.

அதனால மடிப்பை வரைய முயற்சி பண்ணாதீங்க, படம் பிடிங்க. ஒரு சின்ன மண்பானையைத் துவைச்ச துண்டால சுத்தி, மூக்கு இருக்கவேண்டிய இடத்துல காகிதத்தைச் சுருட்டி உள்ள வெச்சு, அது மேல மாஸ்க்கைக் கட்டினோம். ஜன்னல் இடது பக்கம் வர்ற மாதிரி வெச்சு, அக்கா படத்துல இருக்கிற அதே உயரத்துல இருந்து எடுத்தேன். பிளீட் விரிஞ்சது, மூலையில எலாஸ்டிக் இழுக்கிற இடத்துல சின்னச் சின்ன சுருக்கம் நடுவை நோக்கிக் கிளம்புச்சு. இதெல்லாம் இலவசமா கிடைச்சது. வெளிச்சம் தப்பான பக்கம் இருந்தா மட்டும் பின்னாடி எதுவும் செய்ய முடியாது, ஏன்னா ஒவ்வொரு மடிப்போட நிழலும் அந்தத் துணியிலேயே பதிஞ்சிருக்கும். கிம்ப்ல `Warp Transform` வெச்சு மூக்குத் தண்டையும் தாடை ஓரத்தையும் மட்டும் கொஞ்சம் நகர்த்தினா போதும்.

எலாஸ்டிக்கைப் படத்துல இருந்து எடுக்காம, நானே வரைஞ்சேன். இங்கதான் நிறைய பேரோட படம் மாட்டிக்குது. மாஸ்க்கோட ஒரு பக்கத்துல மேல் மூலையில ஒண்ணு, கீழ் மூலையில ஒண்ணுன்னு ரெண்டு இழை கிளம்பும். மேல் இழை காது தலையோட சேர்ற உச்சிக்குப் போய், காதுக்குப் பின்னாடி மறையும். கீழ் இழை காது மடலுக்குக் கீழ இருந்து வெளிய வரும். ரெண்டுமே காதுக்கு முன்னாடி குறுக்கே போகாது, கன்னத்துல பாதியில முடியவும் முடியாது. இழுபட்டு நிக்கிற எலாஸ்டிக் தொங்கவும் தொங்காது. கன்னத்தோட வளைவு மட்டும்தான் அதுல தெரியணும். கன்னம் பக்கவாட்டில் திரும்பிப் போகும்போது இழையோட நீளம்தான் சுருங்கும், அகலம் அதே 35 பிக்சல்தான்.

`Paths` கருவியில மூணு புள்ளி வெச்சு, `Stroke Path` குடுத்து 35 பிக்சல்ல கோடு போட்டேன். அப்புறம் அக்கா படத்தையே இன்னொரு லேயரா எல்லாத்துக்கும் மேல வெச்சு, அதுக்குக் கறுப்பு லேயர் மாஸ்க் போட்டேன். கறுப்பு இருக்கிற வரை அந்த லேயர் தெரியாது. வெள்ளை பிரஷ்ஷால காது, ஜிமிக்கி, கன்னத்துல விழுற நாலு முடி, இதை மட்டும் தேய்ச்சதும் அது முன்னாடி வந்துடுச்சு, எலாஸ்டிக் பின்னாடி போயிடுச்சு. முடி மூடின பக்கத்துல இழை முடிக்குள்ள நுழைஞ்சு மறைஞ்சா போதும். அங்க காதைத் தேட வேண்டாம்.

இப்போ நிழல். இதுக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

பெரும்பாலும் எல்லாரும் `Drop Shadow` போட்டு முடிச்சிடுவாங்க. அது மாஸ்க்கோட வடிவத்தையே கொஞ்சம் நகர்த்தி, எல்லா இடத்துலயும் ஒரே அளவு மங்கலாக்கிப் போடும். அப்படி ஒரு நிழல் எப்போ விழும்? ஒரு தட்டையான அட்டை, சுவர்ல இருந்து எல்லா இடத்துலயும் ஒரே தூரத்துல மிதந்தா விழும். முகத்துல துணி அப்படியா இருக்கு? கன்னத்துல ஒட்டியிருக்கும், மூக்குக்குப் பக்கத்துல தூக்கியிருக்கும். நிழல் எவ்வளவு மங்கலா இருக்குன்னு பார்த்தே நம்ம கண்ணு இடைவெளியைக் கணக்குப் போட்டுடும். நம்மகிட்ட சொல்லாமலே போட்டுடும்.

கணக்கு சுலபம். நிழல் ஓரத்தோட மங்கல் அகலம் = இடைவெளி × (விளக்கோட அகலம் ÷ விளக்கோட தூரம்). அக்கா படத்துல ஜன்னல் சுமார் 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் தூரம். அப்போ மங்கல், இடைவெளியில பாதி. கன்னத்துல துணி 1 மில்லிமீட்டர்தான் விலகியிருக்குன்னு வைங்க, மங்கல் அரை மில்லிமீட்டர், நம்ம படத்துல 3 அல்லது 4 பிக்சல். மூக்குக்கு வலது பக்கம் 10 மில்லிமீட்டர் தூக்கியிருந்தா மங்கல் 5 மில்லிமீட்டர், 35 பிக்சல். ஒரே மாஸ்க்கோட ஓரத்துல பத்து மடங்கு வித்தியாசம்! இதே முகம் வெயில்ல நின்னிருந்தா கதை வேற. சூரியனோட அகலத்தை அதோட தூரத்தால வகுத்தா சுமார் நூத்துல ஒரு பங்குதான். 10 மில்லிமீட்டர் இடைவெளிக்குக்கூட ஒரு பிக்சல்கூட மங்காது. வெயில் படத்துல மென்மையான நிழல் போட்டாலே பொய்.

அதனால ரெண்டு நிழல் லேயர் போட்டேன், ரெண்டும் `Multiply` மோட்ல. முதல்ல மாஸ்க் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோடு, `Gaussian Blur` அளவு 1. ரெண்டாவது அகலமானது, அளவு 12, அதாவது மங்கல் அகலத்துல மூணுல ஒரு பங்கு. அகலமானதை மூக்கோட வலது பக்கத்துலயும், தாடைக்குக் கீழ கழுத்துல விழுற இடத்துலயும் மட்டும் விட்டுட்டு, மத்த இடத்துல லேயர் மாஸ்க்கால மறைச்சேன். வெளிச்சம் வர்ற இடது ஓரத்துல மெல்லிய கோடு மட்டும். நிறம் கறுப்பு இல்ல. அக்காவோட தாடைக்குக் கீழ ஏற்கெனவே இருந்த நிழல்ல இருந்தே எடுத்த அரக்குப் பழுப்பு. கறுப்பு போட்டா தோல் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். எலாஸ்டிக்குக்கும் இதே விதிதான். கன்னத்துல ஒட்டியிருக்கிற வரை நிழல் ஒரு நூல் மாதிரி. காதுக்கு முன்னாடி இருக்கிற பள்ளத்தை இழை பாலம் மாதிரி தாண்டும், அங்க மட்டும் நிழல் இழையை விட்டுக் கொஞ்சம் விலகும்.

அந்த 10 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்ததுன்னு கேட்பீங்க. அக்கா தனக்குன்னு வெச்சிருந்த மாஸ்க்கை மாட்டி எனக்கு ஒரு படம் அனுப்பினா. மூக்குக்கு ரெண்டு பக்கமும் சுண்டு விரல் நுழையுற அளவுக்குத் துணி தூக்கியிருந்தது. அதைத்தான் அப்படியே போட்டேன்.

அத்தை போனைக் கிட்ட வெச்சுப் பார்த்தாங்க. "காதெல்லாம் நல்லா இருக்குடா. மூக்கு பக்கத்துல என்ன கருப்பா? அழுக்கு மாதிரி இருக்கே, எடுத்துடு."

"அழுக்கு இல்ல அத்தை, நிழல். அங்க துணி தோலைத் தொடல."

"தொடலன்னா?"

"அது வழியா காத்து போகும், வரும். அக்கா படத்தைப் பாருங்க, நிஜத்துலயும் அப்படித்தான் இருக்கு."

அந்த நிழலை எடுக்கிறது எனக்கு பத்து செகண்ட் வேலை. லேயருக்குப் பக்கத்துல இருக்கிற கண் குறியை அமுக்கினா போதும், மாஸ்க் மூக்கோட கச்சிதமா ஒட்டின மாதிரி ஆயிடும். ஆனா வாங்குறவங்க அந்த ஒட்டுதலை நம்பித்தான் காசு குடுப்பாங்க. ஒரு மாஸ்க் படத்துல பொய் சொல்ல டிசைனை மாத்தணும்னு இல்ல, 12 அளவு மங்கலை 1 ஆக்கினாலே பொய்தான்.

அத்தை ஒண்ணும் பேசல. மறுநாள் மேல் மடிப்புத் தையலுக்குள்ள, பாக்கெட் வாயைக் கட்ட வர்ற பிளாஸ்டிக் சுத்தின மெல்லிய கம்பியில ஒரு துண்டை வெச்சுத் தைச்சிருந்தாங்க. மூக்குல வெச்சு அழுத்தினா அப்படியே நிக்குது. அக்காவுக்கு ஒண்ணு கொரியர்ல போச்சு, புதுப் படம் வந்தது. இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர். மங்கல் 7 பிக்சல். அகலமான நிழல் லேயரை மூக்குப் பக்கத்துல அழிச்சுட்டு, அளவு 2-ல புதுசா ஒண்ணு போட்டேன். எட்டு டிசைனும் அந்த நிழலோடதான் குரூப்புக்குப் போச்சு.

நீங்க இதைச் செஞ்சு பார்த்தா, முடிச்சதும் படத்தை இடவலமாத் திருப்பிப் பாருங்க, அப்புறம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. திருப்பினா எலாஸ்டிக் கோணல் தெரியும். சுருக்கினா, மாஸ்க் முகத்துல இருக்கா, முகத்துக்கு முன்னாடி மிதக்குதான்னு தெரியும். மிதந்தா துணியைத் தொடாதீங்க. மூக்குக்குப் பக்கத்து நிழலும் கன்னத்து நிழலும் ஒரே அகலமா இருக்கான்னு முதல்ல பாருங்க.