கசந்த டிகாஷன்

ஆரணியில், எதிர்வீட்டுத் தறிச் சத்தம் தொடங்கும்போது என் கையில் காபி இருக்க வேண்டும். மனைவி போன பிறகு நானே போட்டேன். அதே தூள், அதே பித்தளை ஃபில்டர்; டிகாஷன் மட்டும் கசந்தது. சிக்கரி கூடிவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகுதான் நினைவு வந்தது. தண்ணீர் கொதித்ததும் அவள் அடுப்பை அணைத்து, டம்ளர்களைக் கழுவிவிட்டு வந்துதான் ஊற்றுவாள். தளதளவென்று கொதிக்கிற நீர், தூளிலுள்ள கசப்பையும் துவர்ப்பையும் வேகமாக இழுத்துவிடும். ஒரு நிமிடம் ஆறி, சூடு 95 டிகிரி அளவுக்கு வந்தால் மணம் இறங்கும், கசப்பு அடங்கியிருக்கும்.

கால் மணி நேரத்தில் சொட்டி முடிந்தால் சரி. ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் டிகாஷன் நீர்த்திருக்கும். அரை மணியாகியும் சொட்டினால் தூளை அதிகம் அழுத்திவிட்டேன் என்று அர்த்தம், மறுபடி கசக்கும்.

இப்போது நானும் டம்ளர் கழுவுகிறேன். நேற்று பார்த்தால், இரண்டு கழுவியிருந்தேன்.