விலை கூடுகிறது என்று சொல்ல ஒரு நிமிடம்

அண்மையில் ரூர் பகுதியில் நடந்த தமிழ்க் கடைக்காரர்களின் ஒன்றுகூடல் ஒன்றில் ஒரு இளைஞர் சொன்னார்: "ஒரு நிமிச வீடியோவுக்கு எழுத ஒரு ஆள் என்னத்துக்கு அண்ணை? போனைத் தூக்கிப் பிடிச்சுக் கதைச்சால் முடிஞ்சுது." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கடை திறப்பு, தைப்பொங்கல் வாழ்த்து, தீபாவளி மலிவு விற்பனை என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். அவற்றை யாரும் கதைக்கலாம். விலையேற்றத்தைக் கதைக்க முடியாது. அதை எழுதத்தான் வேண்டும், அதுவும் பற்றுச்சீட்டை மேசையில் வைத்துக்கொண்டு.

ஜெர்மனியில் தமிழ்க் கடைகளுக்கு அறிவிப்பு எழுதுவது என் தொழில். முன்பு வானொலிக்கு, இப்போது வாட்ஸ்அப்பில் போகும் வீடியோவுக்கு. விலையேற்ற அறிவிப்பை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒலிபரப்பாளர் அல்லர். எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். காலையில் கடை திறக்கும்போது கரும்பலகையில் என்ன சாமான் வந்திருக்கிறது, என்ன விலை, ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுதிவிட்டுத்தான் கதவைத் திறப்பாராம். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஊர்ச்சனம். நாளைக்கும் அதே முகங்கள்தான் வரும். எனவே பலகையில் பொய் எழுத வழியில்லை.

இங்கே வந்தபின் அவர் என் எழுத்தைப் படித்து அடித்துத் தள்ளாத நாள் இல்லை. "விலையை முதல்ல சொல்லு. காரணம் பிறகு. காரணத்தை முதல்ல சொன்னா, இவன் எதையோ மறைக்கிறான் எண்டு சனத்துக்குத் தெரிஞ்சிடும்" என்பார். மன்னிப்புக் கேட்க விடமாட்டார். கொள்முதல் விலை கூடியதற்குக் கடைக்காரர் குற்றவாளி இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காசைக் கூட்டி வாங்குவது வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்தும், அவர் "பரவாயில்லை அண்ணை" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு வாசகத்தை எழுதிக் கொடுத்தால் உரக்கப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் கேட்கிற ஒரே கேள்வி: "காரணம் எவ்வளவு, கூட்டினது எவ்வளவு?" இந்தக் கேள்விதான் இத்தனை வருடமாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. மற்றதெல்லாம் இலகு.

ஒரு உதாரணத்தை முழுமையாகச் சொல்கிறேன். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சையரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அமெரிக்காவில் நம்மவர்கள் கடைகளில் முண்டியடித்து மூட்டை மூட்டையாக அள்ளிய வீடியோக்கள் இங்கேயும் எல்லாருடைய கையிலும் வந்துவிட்டன. புழுங்கலரிசி அந்தத் தடைக்குள் வரவில்லை. அதற்கு ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, 20 வீத ஏற்றுமதி வரி போட்டார்கள். ஆனால் இங்கே கடை வாசலில் எல்லாம் ஒன்றாகிவிட்டது: "இந்தியா அரிசியை நிறுத்திப்போட்டுதாம்."

அந்த நேரம் ஒரு கடைக்காரர் என்னிடம் வந்தார். பத்துக் கிலோ புழுங்கலரிசி மூட்டையை 17 யூரோ 99 சதத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார். 21.99 ஆக்கப் போகிறேன், இந்தியா வரி போட்டுவிட்டது என்று எழுதித் தாருங்கள் என்றார். 20 வீத வரிக்கு 20 வீதத்துக்குச் சற்றுக் கூட விலையேற்றம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. நான் பற்றுச்சீட்டைக் கேட்டேன்.

மொத்த வியாபாரி அவருக்கு மூட்டையை 13.20க்குக் கொடுத்து வந்தவர், புதிய சரக்கை 14.90க்குக் கொடுத்திருந்தார். கூடியது 1 யூரோ 70 சதம். கடையின் 17.99இல் 7 வீத விற்பனை வரியைக் கழித்தால் கடைக்காரர் கையில் நிற்பது 16.81. கொள்முதல் 13.20 போக மிச்சம் 3.61. இதே 3.61 புதிய கொள்முதலிலும் நிற்க வேண்டுமென்றால் வரிக்கு முந்திய விலை 18.51, வரியோடு 19.81. ஆக அரிசியின் பேரில் அவர் நியாயமாகக் கூட்டக்கூடியது 1 யூரோ 82 சதம். அவர் கேட்டதோ 4 யூரோ.

ஏன் இந்த இடைவெளி? ஏற்றுமதி வரி கப்பலேறும் விலையில் கணக்கிடப்படுகிறது, கடைத் தட்டில் ஒட்டும் விலையில் இல்லை. அந்த நாட்களில் சாதாரண புழுங்கலரிசி டன் 500 டாலரை ஒட்டி நின்றது. பத்துக் கிலோவுக்கு 5 டாலர், அதில் 20 வீதம் 1 டாலர். கப்பல் கூலி, களஞ்சியம், லொறி, இறக்குமதியாளர் லாபம், கடை வாடகை எதற்கும் இந்தியா வரி போடவில்லை. ஒரு டாலர் காரணத்தைக் காட்டி 4 யூரோ கூட்டினால், காரணம் உண்மையாக இருந்தும் அறிவிப்பு பொய்யாகிவிடுகிறது. பேசுகிறவருக்கே தான் பொய் சொல்வது தெரியாமல் போகிற அளவுக்கு இது மெல்லிய பொய். அதனால்தான் போனைப் பார்த்துக் கதைத்தால் போதாது என்கிறேன்.

கடைக்காரரும் பேராசைக்காரர் இல்லை. குறைந்தபட்சக் கூலி 2022 ஒக்டோபரில் மணிக்கு 12 யூரோ ஆகிவிட்டது, மீன் வைத்திருக்கும் குளிரூட்டிப் பெட்டிகளின் மின்கட்டணம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அந்த இழப்பை அரிசியில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தார். நான் சொன்னேன்: மின்சாரத்துக்காகக் கூட்டுவதென்றால் பெட்டிக்குள் இருக்கிற மீனில் கூட்டுங்கள், மின்சாரம் என்றே சொல்லுங்கள். அரிசிக்குள் அதை ஒளிக்காதீர்கள். ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். கடைசியில் ஒத்துக்கொண்டார். வந்த வாசகம் இதுதான்:

"வணக்கம். வாற திங்கள் தொடக்கம் பத்துக் கிலோ புழுங்கலரிசி 17 யூரோ 99 சதத்தில இருந்து 19 யூரோ 80 சதமாகுது. எனக்கு மொத்த விலை 1 யூரோ 70 சதம் கூடியிருக்கு. இந்தியா போட்ட ஏற்றுமதி வரியும் அதுக்கு ஒரு காரணம். இங்கத்தை வரியோட சேர்த்து அந்தக் கூடினதைத்தான் கூட்டுறன், என்ர லாபத்தைக் கூட்டேல்லை. பழைய விலைக்கு வாங்கின மூட்டை கொஞ்சம் இருக்கு. ஞாயிறு கடை பூட்டு, சனிக்கிழமை வரைக்கும் வீட்டுக்கு ஒண்டு பழைய விலைக்கே தாறன். பருப்பு, மா, மற்ற அரிசி ஒண்டும் மாறேல்லை. கேள்வி இருந்தா கடையில என்னட்டையே கேளுங்கோ."

"ஒரு காரணம்" என்று எழுதியதைக் கவனியுங்கள். மொத்த வியாபாரியின் கணக்குப் புத்தகம் நம் கையில் இல்லை, 1.70இல் வரி எவ்வளவு, அவர் தனக்கென்று எடுத்தது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. தெரிந்தது 1.70 மட்டும், எனவே அதையே முன்னால் வைத்தோம். "வீட்டுக்கு ஒண்டு" இல்லாவிட்டால் முதல் இரண்டு பேரே பழைய மூட்டை எல்லாவற்றையும் காரில் ஏற்றிப் போயிருப்பார்கள், அமெரிக்க வீடியோ இங்கேயும் நடந்திருக்கும். மாறாத சாமான்களின் பெயரைச் சொன்னது, எல்லாம் ஏறப் போகிறது என்று கதை பரவாமலிருக்க. பின்னணி இசை வேண்டாம் என்றேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று, அரிசி மூட்டை பக்கத்தில் தெரிய, நிமிர்ந்து பார்த்துப் பேசச் சொன்னேன்.

திரையின் அடியில் கிலோ 1.98 என்று எழுத்தில் போட்டோம். விலை சொல்லி விளம்பரம் செய்கிறவர்கள் கிலோ விலையையும் காட்ட வேண்டுமென்று இந்த நாட்டு விலைக்குறிப்பு விதி சொல்கிறது. வாடிக்கையாளர் தானே எடுத்து வருகிற கடைக்கு இதில் விலக்கில்லை. திங்கள் காலை கடை திறக்கும் முன் தட்டில் ஒட்டியிருந்த விலைச்சீட்டும் மாறியாக வேண்டும். வீடியோவில் 19.80, தட்டில் 17.99, கல்லாவில் 19.80 என்றால் ஒரு நிமிட நேர்மை ஒரு நொடியில் போய்விடும்.

2024 ஒக்டோபர் 22 அன்று இந்தியா புழுங்கலரிசி வரியை முற்றாக எடுத்துவிட்டது. காரணத்தைச் சொல்லிக் கூட்டினவர் அந்தக் காரணம் போனதும் பதில் சொல்ல வேண்டும். சனம் கல்லாவில் நின்று கேட்டது. மொத்த விலை 90 சதம் இறங்கியதும் கடைக்காரர் 18.80 ஆக்கினார், அதற்கும் ஒரு வீடியோ எழுதினேன். இறக்கியதைச் சொல்ல என்னிடம் வந்தவர் மிகச் சிலர். ஏற்றுவதற்கு வந்தவர்கள் நிறைய.

இப்போது வருகிற வாசகங்களைக் கேட்டால் மனம் நோகிறது. பேக்கரிக் கதவில் ஒட்டியிருக்கிற ஜெர்மன் அறிவிப்பை அப்படியே தமிழாக்கி, "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கி, எந்தச் சாமான், எவ்வளவு, எப்போதிலிருந்து என்று எதுவும் சொல்லாமல் வணக்கத்தோடு முடித்துவிடுகிறார்கள். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, கொள்கலன்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வந்த காலத்தில், விமானத்தில் வந்த முருங்கைக்காய்க்கும் செங்கடலையே காரணம் சொன்னார்கள். 2024 ஜனவரியில் உணவகச் சாப்பாட்டு வரி 7இலிருந்து 19 வீதமானது. அது இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு 7 வீதத்திலேயே நின்றது. 10.70க்கு விற்ற கொத்துரொட்டி, இருந்து சாப்பிட்டால் 11.90 ஆவது நியாயம். பார்சலுக்கும் அதே விலையை வாங்கிக்கொண்டு வரி என்று வீடியோவில் சொன்னவர்களை எனக்குத் தெரியும். 2026 ஜனவரி 1இல் அந்த வரி திரும்ப 7 ஆகியிருக்கிறது. அன்று வரியைக் காரணம் சொன்னவர்கள் இன்று வாயைத் திறக்கட்டும், எழுதித் தர நான் தயார்.

இன்னொரு வழக்கமும் தலைகாட்டுகிறது. ஒரே ஊரின் மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து நின்று, "நாங்கள் எல்லாரும் அரிசியை இந்த விலைக்குத்தான் விற்போம்" என்று ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். ஒற்றுமை என்று நினைக்கிறார்கள். போட்டிக் கடைகள் விலையைப் பேசி வைத்துக்கொள்வதற்கு ஜெர்மன் சட்டத்தில் தடை இருக்கிறது, அதற்குத் தண்டம் விதிக்கப் பொன் நகரில் ஒரு அலுவலகம் இருக்கிறது. அப்படிப்பட்ட வீடியோ தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிற சாட்சி. நான் எழுத மறுத்தேன். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கக்கூடும்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். கமராவை எடுக்கும் முன் பழைய பற்றுச்சீட்டையும் புதிய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். கழித்துப் பாருங்கள், விற்பனை வரியைச் சேருங்கள். வருகிற தொகையைவிடக் கூடுதலாக ஒரு சதம் கூட்டினாலும், அந்தச் சதத்துக்கும் காரணம் கேளுங்கள். பற்றுச்சீட்டைக் காட்ட மாட்டேன் என்கிற கடைக்காரருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்.